தோழியின் கல்யாண விருந்தில் தமிழில் வாழ்த்துரை, பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. எப்படி மொழிபெயர்ப்பது?

வில்லியனூர்க்காரி | 2024 ஏப்ரல் 6, காலை 10:12

ஜூன் கடைசியில் நெருங்கிய தோழிக்குக் கல்யாணம். அவள் புதுச்சேரி, மாப்பிள்ளை லியோன்காரர். கல்யாணம் லியோனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மண்டபத்தில். 130 பேர் வருகிறார்கள். 55 பேர் தமிழ், மீதி பிரெஞ்சு. நான் அவளுடைய சாட்சி. அங்கே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்தான் ராத்திரி விருந்தில் எழுந்து பேசிக் கிளாஸ் தூக்க வேண்டுமாம். எனக்கு 5 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தமிழில்தான் பேசுவேன். அவளுடைய பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அவர் முன்வரிசையில் இருப்பார். என் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது, படித்தால் புரியும், பேச வராது. பாரிஸில் பிறந்து வளர்ந்த அவளுடைய அத்தை மகன் மொழிபெயர்க்கிறேன் என்கிறான்.

எழுதி வைத்திருப்பது இது:

"எல்லாருக்கும் வணக்கம். நானும் இவளும் விடுதியில் ஒரே அறையில் இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்து, படித்ததைவிட அதிகமாகப் பேசி, எப்படியோ பாஸ் பண்ணி வெளியே வந்தோம். இவள் போனில் 'கிளம்பிட்டேன்' என்றால் இன்னும் தலைகூடத் துவட்டவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிற்கிறவர். இந்த ரெண்டு பேரும் எப்படித்தான் சந்தித்தார்களோ! மாப்பிள்ளை, எங்க பொண்ணை நல்லா பாத்துக்குங்க. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!"

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. இப்படியே வரிவரியாகச் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னால் போதுமா?

மணவறை | ஏப்ரல் 6, காலை 10:40

வாழ்த்து மடல் அடிப்பதென்றால் எங்கள் பக்கம் ஆர்ட் பேப்பரில் அடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுப்போம். எதுகை மோனையோடு 16 வரி இருந்தால் சட்டத்துக்குள் அழகாக நிற்கும். நண்பர்கள் பெயரைக் கீழே இரண்டு பத்தியாகப் போட்டுவிடலாம்.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 6, காலை 10:44

மடல் இல்லைங்க. எழுந்து நின்று மைக்கில் பேசுவது.

ஊழியர்_மகன் | ஏப்ரல் 6, காலை 11:20

நற்செய்திக் கூட்டங்களில் மேடையில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஆங்கிலத்தில் பாதி வாக்கியம் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் அதே தொனியில், அதே கையசைவோடு தமிழில் சொல்வார். மூச்சு விட இடமே இருக்காது, கூட்டமும் கூடவே போகும். அதேதான் இதற்கும் வழி. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். நீளமாகப் பேசி நிறுத்தினால் மொழிபெயர்ப்பவர் பாதியை மறந்துவிடுவார்.

மேடைமொழி | ஏப்ரல் 6, பிற்பகல் 2:05

மேலே சொன்னதில் பாதி சரி. துண்டு சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் நாலு வார்த்தையில் நிறுத்துவது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஓடும், தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போகும்போது ஓடாது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. "நானும் இவளும் விடுதியில் ஒரே அறையில்" என்று நிறுத்தினால் இருந்தார்களா, சண்டை போட்டார்களா, தீ வைத்தார்களா என்று மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. பிரெஞ்சில் எழுவாய்க்கு அடுத்ததே வினைதான், அவரால் வாயைத் திறக்கவே முடியாது. கூட்டங்களில் நிற்பவர்களுக்கு வசனங்கள் மனப்பாடம், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். அத்தை மகனுக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே துண்டு என்பது முற்றுவினையோடு முடிகிற ஒரு முழு வாக்கியம். 8 முதல் 12 வார்த்தை. அதிகம் போனால் இரண்டு சின்ன வாக்கியம்.

இப்போது உங்கள் இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். இருந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து, படித்து, பேசி, பண்ணி, வந்தோம். ஆறு எச்சத்தைக் கோத்து ஏழாவதில்தான் முடிக்கிறீர்கள். தமிழ் காதுக்கு இது சுகம், கதை சொல்கிற ஓட்டம் இது. ஆனால் அந்த இருபது வினாடியும் 75 பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பையன் ஏழு விஷயத்தில் மூன்றை நினைவில் வைத்துச் சொல்வான். அந்த ஏழில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உடையுங்கள். என் தேர்வு மொட்டை மாடியும், படித்ததைவிட அதிகம் பேசியதும். ஒரே தட்டில் சாப்பிட்டது வேண்டாம். நமக்கு அது நெருக்கம், அவர்களுக்கு விடுதியில் தட்டு பற்றாக்குறை என்று படலாம்.

நேரக் கணக்கு. 5 நிமிடம் என்றால் 300 வினாடி. எழுந்து வர, சிரிப்பு அடங்க, கடைசியில் கிளாஸ் தூக்க என்று 45 வினாடி போய்விடும். மிச்சம் 255. பிரெஞ்சு கொஞ்சம் நீண்டுதான் வரும், ஆகவே உங்களுக்கு 120, அவனுக்கு 135. மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 90 வார்த்தை போல வரும், அப்படியானால் மொத்தம் 180 வார்த்தை. போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து உங்கள் வேகத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். நீங்கள் போட்டிருக்கும் பகுதியே 50 வார்த்தைக்கு மேல். "இன்னும் ஒரு பக்கம்" என்கிறீர்கள், அதில் பெரும்பகுதி போக வேண்டும்.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 6, பிற்பகல் 3:30

180 வார்த்தைதானா! ஒரு பக்கத்தை எப்படி வெட்டுவது?

லாச்சப்பல் | ஏப்ரல் 6, இரவு 9:15

பாரிஸில இருந்து எழுதுறன். எங்கட கலியாணங்களிலயும் இப்ப பாதிக்குப் பாதி பிரெஞ்சுச் சனம். ஒரு விசயம் சொல்ல வேணும். இங்க பிறந்த பிள்ளையளுக்குத் தமிழ் விளங்கும், ஆனா வீட்டுத் தமிழ்தான் விளங்கும். "சாப்பிட்டியா, எங்க போறாய்" எல்லாம் சரி. "பெருவாழ்வு" எண்டா முழிப்பினம். அந்தத் தம்பிக்கு எழுத்தை வாசிக்கத் தெரியுமோ எண்டும் கேளுங்கோ. கனபேருக்கு வாசிக்கத் தெரியாது. பேச்சை எழுத்தில அனுப்பிப்போட்டு நீங்கள் நிம்மதியா இருப்பீங்கள், அவர் ஒரு வரியும் பார்த்திருக்க மாட்டார். குரல் பதிவாயும் அனுப்புங்கோ.

கல்யாணத்தண்டு காதால கேட்டு மொழிபெயர்க்க விட வேண்டாம். பிரெஞ்சை முதலே எழுதி வைக்கச் சொல்லுங்கோ. அங்க நிண்டு வாசிக்கிறது மட்டும்தான் அவருக்கு வேலை.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 7, காலை 7:50

கேட்டேன். வாசிக்கத் தெரியாதாம்! குரல் பதிவு அனுப்புகிறேன்.

மேடைமொழி | ஏப்ரல் 7, காலை 9:30

லாச்சப்பல் சொன்னது ரொம்ப முக்கியம். அதோடு ஒன்று. பையன் எழுதிய பிரெஞ்சைத் தமிழ் அறவே தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டவர் தனக்கு என்ன புரிந்தது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், பையன் அதை உங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதும் திரும்பி வந்ததும் எங்கே பிரிகிறதோ அங்கே தமிழ் வாக்கியத்தையே மாற்றுங்கள். பிரெஞ்சை மட்டும் ஒட்டுப்போட வேண்டாம்.

உங்கள் எழுத்தில் இந்தச் சோதனையில் விழப்போவது கடைசி வரி. "பதினாறும் பெற்று" என்பதை அப்படியே சொன்னால் பதினாறு பிள்ளை பெறுங்கள் என்றுதான் எந்த மொழிக்காரருக்கும் கேட்கும். மாப்பிள்ளையின் அம்மா திரும்பி மாப்பிள்ளையைப் பார்ப்பார், கூட்டம் சிரிக்கும், உங்கள் வாழ்த்து அந்தச் சிரிப்பில் போய்விடும். தமிழில் அந்த வரி கட்டாயம் இருக்கட்டும், பாட்டி அதைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார். பிரெஞ்சில் "பதினாறு வகைச் செல்வமும் உங்களுக்குச் சேரட்டும்" என்று போக வேண்டும். அப்படிச் சொன்னால் சாப்பாட்டின்போது யாராவது அந்தப் பதினாறும் எவை என்று கேட்பார்கள். கல்வி, நட்பு, நோயில்லாத உடம்பு என்று இரண்டு மூன்றைப் பையன் கையில் வைத்திருந்தால் போதும்.

குறளன்பன் | ஏப்ரல் 7, பகல் 12:10

தோழிக்கு வாழ்த்து என்றால் நட்பு அதிகாரம் இருக்கும்போது வேறெதற்குத் தேட வேண்டும்? 788ஆம் குறளைச் சொல்லி ஆரம்பியுங்கள். தமிழ்ப் பக்கம் உடனே நிமிர்ந்து உட்காரும்.

மேடைமொழி | ஏப்ரல் 7, பகல் 12:45

சொல்லலாம், உவமையும் மொழி தாண்டிப் போகக்கூடியதுதான். உடை நழுவும்போது யோசிக்காமலே கை போய்ப் பிடிக்கிறதே, அதுபோல நட்பு. எந்த ஊர்க்காரருக்கும் புரியும். சிக்கல் இரண்டு. குறளைச் சொல்லி, பொழிப்பைச் சொல்லி, பிரெஞ்சில் சொல்லி முடிக்க 35 வினாடி ஆகும். அடுத்தது, கல்யாண மேடையில் உடை நழுவுகிற படத்தை முதல் வரியிலேயே வைத்தால் பிரெஞ்சுப் பக்கம் அதை வேடிக்கைப் பேச்சின் ஆரம்பமாக எடுத்துக்கொள்ளும். நடுவில், இவள் எப்போது அப்படிக் கை கொடுத்தாள் என்ற ஒரு நிகழ்வுக்குப் பின்னால் வைத்தால் நிற்கும். அதற்கு இந்த 5 நிமிடத்தில் இடம் இருக்கிறதா என்பது அவர் முடிவு.

குறளன்பன் | ஏப்ரல் 7, பகல் 12:58

35 வினாடிகூடக் குறளுக்குக் கொடுக்க முடியாதா? இதை நான் ஏற்கவில்லை. மூன்று நகைச்சுவைக்கு இடம் இருக்கிறது.

ஓசூர்_ராணி | ஏப்ரல் 7, மாலை 6:20

எனக்கும் இதே பிரச்சினை. தங்கை கல்யாணம் ஓசூரில், மாப்பிள்ளை வீட்டார் குஜராத்திக்காரர்கள். இளசுகளுக்கு ஆங்கிலம் தெரியும், பெரியவர்களுக்கு இந்தி, குஜராத்தி. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் போதுமா? இல்லை மூன்று மொழியிலும் சொல்ல வேண்டுமா?

மேடைமொழி | ஏப்ரல் 7, மாலை 7:00

வாயால் மூன்றாவது மொழி வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பங்கு நேரம் யாராவது புரியாமல் காத்திருப்பார்கள். ஒரு மொழியை வாயால் சொல்லி, இன்னொன்றைத் தாளில் கொடுக்கலாம்.

மணவறை | ஏப்ரல் 7, இரவு 8:30

தாள் என்றால் எனக்குத் தெரிந்த வேலை, சொல்கிறேன். ஏ5 அளவு, ஒரு பக்கம் மட்டும், எழுத்து 14 புள்ளி. விருந்து மண்டபத்தில் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவார்கள், 11 புள்ளியில் அடித்தால் வயசானவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள். ஆளுக்கொன்று வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று. பேச எழுந்திருக்கும்போது கொடுக்காதீர்கள், சலசலப்பு அடங்க ஒரு நிமிடம் ஆகும். சாப்பாட்டு மேசை போடும்போதே நாப்கினுக்கு அடியில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

மேடைமொழி | ஏப்ரல் 7, இரவு 8:52

நல்ல குறிப்பு. ஒன்று சேர்க்கிறேன். தாளில் நகைச்சுவை வரியின் முடிவைப் போடாதீர்கள். வாசிப்பவர் எப்போதும் பேசுபவருக்கு முன்னால் போய்விடுவார், நீங்கள் முடிப்பதற்கு முன்பே நாலு மேசை சிரித்திருக்கும்.

திரை இருக்கிற மண்டபம் என்றால் வரிகளைத் திரையில் காட்டலாம். சினிமா வசன வரி போலத் தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்துக்குள். பொத்தானை அழுத்துகிறவர் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும். தமிழ் எழுத்தையும் திரையில் காட்டுவதானால் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், மண்டபத்துக் கணினியில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும்.

வில்லியனூர்க்காரிக்கு என் யோசனை பையன்தான். இரண்டு பேர் நின்று பேசுவதில் இருக்கிற உயிர் திரையில் வராது.

சவுண்ட்_செட் | ஏப்ரல் 8, காலை 6:40

மைக் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு பேர் பேசினால் இரண்டு மைக். ஒரே மைக்கைக் கைமாற்றினால் ஒவ்வொரு தடவையும் 3 வினாடி போகும். பத்துத் துண்டு என்றால் அங்கும் இங்கும் இருபது கைமாற்றம், ஒரு நிமிடம் வீண். அதைவிட மோசம், கைமாறும்போது "டப்" என்று சத்தம் வரும், முதல் வார்த்தை விழுங்கிப்போகும்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். கல்யாணத்தில் முக்கால்வாசிப் பேர் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மணமக்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், குரல் காணாமல் போகும். மணமக்களைப் பார்க்கும்போது மைக்கும் முகத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், ஊளையிடும். இரண்டு மைக்கும் ஒரே அளவில் கேட்கிறதா என்று விருந்துக்கு முன்னால் பாருங்கள். ஆண் குரலுக்கு வைத்த அளவில் பெண் குரல் கூர்மையாகக் குத்தும்.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 8, காலை 8:15

இரண்டு மைக் கேட்கிறேன். சிரிப்பு பற்றி ஒரு சந்தேகம். தமிழ்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், மீதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். பிறகு அவர்கள் சிரிப்பார்கள், நம்மவர்கள் அதற்குள் ஓய்ந்திருப்பார்கள். இதற்கு வழி?

மேடைமொழி | ஏப்ரல் 8, காலை 9:40

நகைச்சுவைக்கான தளத்தையும் முடிவையும் பிரித்துவிடுங்கள். தளத்தை இரண்டு மொழியிலும் சொல்லி முடித்த பிறகே முடிவு.

"இவள் 'கிளம்பிட்டேன்' என்றால் இன்னும் தலைகூடத் துவட்டவில்லை." பிரெஞ்சில் "அவள் 'கிளம்பிவிட்டேன்' என்று சொல்லும்போது தலைமுடி இன்னும் ஈரமாக இருக்கிறது". இது தானாக ஓடும், இரண்டிலும் வேடிக்கை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பிறகு மாப்பிள்ளை வரி. "அவர் பத்து நிமிடம் முன்னாடியே வந்து நிற்பவர்." அதையும் பிரெஞ்சில் சொல்லியாகிவிட்டது. இப்போது 130 பேருக்கும் ஒரே நிலவரம் தெரியும். அந்த இடத்தில் வாயால் எதுவும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பாருங்கள், பிறகு மணமக்களைப் பாருங்கள். சிரிப்பு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வரும். அதற்கு மேல் "எப்படித்தான் சந்தித்தார்களோ" என்று சொன்னால் அது போனஸ், முந்திப் பிந்தி வந்தாலும் கெடுதலில்லை.

சவுண்ட்_செட் | ஏப்ரல் 8, காலை 10:05

கைக்கடிகாரம் அன்றைக்குக் கட்டியிருக்க வேண்டும், பட்டுப்புடவைக்குப் பொருத்தமில்லை என்று கழற்றி வைத்துவிடாதீர்கள்.

சிரிப்பு நடக்கும்போது பையன் பேச ஆரம்பிக்கக்கூடாது. சிரிப்பு ஏறி, பாதியாக இறங்கும்போது ஆரம்பிக்க வேண்டும். முழுசாக அடங்கவிட்டால் மறுபடி மேலே ஏற்ற முடியாது.

ஊழியர்_மகன் | ஏப்ரல் 8, காலை 11:30

பாதியில் ஆரம்பித்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கு முதல் நாலு வார்த்தை கேட்காதே? முழுசாக அடங்கட்டும் என்பதே என் பக்கம்.

லியோன்_வாசி | ஏப்ரல் 9, இரவு 11:05

இந்த ஊரில் இருப்பவள் என்பதால் சில விவரம்.

பிரெஞ்சுக் கல்யாணத்தில் சடங்கு முடிந்ததும் தோட்டத்தில் நின்றபடியே குடிப்பது, கொறிப்பது எல்லாம் இரண்டு மணி நேரம் நடக்கும். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சாட்சிகளின் பேச்சு அந்த விருந்தில், ஒரு வகை உணவுக்கும் அடுத்த வகைக்கும் நடுவே வரும். முன் உணவுத் தட்டுகளை எடுத்து முடித்த பிறகு பேசுவது நல்லது. சூடான பிரதான உணவு சமையலறையில் காத்திருக்கிறது என்றால் சமையல்காரர் வாசலில் வந்து நின்றுகொண்டு உங்களை முறைப்பார். எத்தனை நிமிடம் என்று அவருக்கு முன்பே சொல்லி வைப்பது மண்டபப் பொறுப்பாளரின் வேலை. மொழிபெயர்ப்போடு 5 நிமிடமா, மொழிபெயர்ப்பு இல்லாமல் 5 நிமிடமா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது நீ, நீங்க. உங்கள் எழுத்தில் தோழியை "இவள்" என்றும் மாப்பிள்ளையை "பாத்துக்குங்க" என்றும் சொல்கிறீர்கள். நம்மில் அதுதான் மரியாதை. பிரெஞ்சிலும் நீ, நீங்க இரண்டும் உண்டு. ஆனால் ஒரே வயதுக்காரர்கள், அதிலும் தோழியின் கணவர், எல்லாம் "நீ"தான். பையன் வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, தோழியை "நீ", மாப்பிள்ளையை "நீங்க" என்று சொன்னால் உங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றும், அவ்வளவு குளிர்ச்சியாகக் கேட்கும். பிரெஞ்சில் அவருக்கும் "நீ" போடச் சொல்லுங்கள். இருவரையும் சேர்த்து விளிக்கும்போது பன்மை தானாக வந்துவிடும், அங்கே கவலையில்லை.

"எங்க பொண்ணை நல்லா பாத்துக்குங்க" என்பதை அப்படியே பெயர்க்க வேண்டாம் என்பேன். அந்த வரி இங்கே பெண்ணை ஒப்படைக்கிற பேச்சாகக் கேட்கும், முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள்.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 10, காலை 7:20

அந்த வரியை எடுக்க முடியாது. பாட்டி எதிர்பார்ப்பார். அதைச் சொல்லாமல் நான் உட்கார்ந்தால் "என்ன தோழி இவள்" என்பார்.

மேடைமொழி | ஏப்ரல் 10, காலை 9:00

அப்படியானால் அதைப் பாட்டிக்கான வரியாகவே வையுங்கள். தமிழில் முழுசாகச் சொல்லுங்கள், பையன் பிரெஞ்சில் "இது பாட்டியின் சார்பாக மாப்பிள்ளைக்கு: ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லட்டும். எல்லா வரியும் முழுசாகப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ் தெரியாதவர்களை 15 வினாடிக்கு மேல் சும்மா உட்கார வைக்காதீர்கள், அதற்குள் மேசையில் பேச்சு ஆரம்பித்துவிடும், திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

லியோன்_வாசி | ஏப்ரல் 10, இரவு 10:30

"ஒருவரை ஒருவர்" என்று மாற்றினால் அது மொழிபெயர்ப்பே இல்லையே, வேறு வாக்கியம். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். தமிழையே "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நல்லா பாத்துக்குங்க" என்று மாற்றினால் பாட்டிக்கும் குறையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடைமொழி | ஏப்ரல் 11, காலை 8:10

லியோன்_வாசி சொல்வது என்னுடையதைவிட நல்ல வழி. என் வழியை விட்டுவிடுங்கள்.

லாச்சப்பல் | ஏப்ரல் 11, இரவு 8:00

கிளாஸ் தூக்கிற விசயம். கடைசி வரியில "வாழ்க" எண்டு சொன்னா எங்கட சனம் கைதட்டிப்போட்டு இருந்திடும். பிரெஞ்சுச் சனம் கிளாஸோட எழும்பி நிக்கும். ஒரு பக்கம் நிக்க, ஒரு பக்கம் இருக்க, வடிவா இராது. ஆகவே கடைசி வரிக்கு முதல், "எல்லாரும் எழும்பி, கையில இருக்கிறதைத் தூக்குங்கோ" எண்டு ரெண்டு மொழியிலயும் சொல்லி, எல்லாரும் எழும்பும் வரைக்கும் பொறுக்க வேணும். பத்து வினாடி போகும், பரவாயில்லை.

குடியாத ஆக்களுக்குப் பழச்சாறு ஊத்தி வைக்கச் சொல்லுங்கோ. தண்ணிக் கிளாஸை முட்டுறது கூடாது எண்டு நினைக்கிற பிரெஞ்சு ஆக்கள் இருக்கினம். முட்டேக்க கண்ணைப் பாக்க வேணும், கைக்குக் குறுக்கால கை போகக்கூடாது. இது ரெண்டும் அவைக்குப் பெரிய விசயம்.

லியோன்_வாசி | ஏப்ரல் 11, இரவு 10:40

முடிவுக்கு "வீவ் லே மாரியே" என்று நீங்களே சொல்லுங்கள். "மணமக்கள் வாழ்க" என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்வது அதுதான். நீங்கள் சொன்னதும் மொத்தக் கூட்டமும் திரும்பச் சொல்லும். தமிழ்ப் பேச்சுக்காரி வாயிலிருந்து அந்த மூன்று வார்த்தை வந்தால் சத்தம் இரண்டு மடங்காக இருக்கும். மாப்பிள்ளையின் நண்பர் யாரையாவது பத்து வினாடி பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள். அந்த "ர" தொண்டையிலிருந்து வரும். நம் ரகரத்தில் சொன்னாலும் புரிந்துவிடும்.

மணவறை | ஏப்ரல் 12, காலை 6:15

பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 75 பேர் எழுந்து நின்று "மாரியே" என்று கத்தினால் மாரியம்மனைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 14, காலை 10:00

புத்தாண்டு வாழ்த்துகள். திருத்தி எழுதியது இது. பிரெஞ்சின் பொருளைத் தமிழிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

1. தமிழ்: எல்லாருக்கும் வணக்கம். பாட்டி, உங்களுக்குத் தனியா ஒரு வணக்கம்.
பிரெஞ்சில்: எல்லோருக்கும் மாலை வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பாட்டிக்குத் தனியாக ஒன்று.

2. தமிழ்: நாங்க ரெண்டு பேரும் புதுச்சேரியில ஒரே விடுதி அறையில இருந்தோம்.
பிரெஞ்சில்: அப்படியே.

3. தமிழ்: பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொட்டை மாடிக்குப் படிக்கப் போவோம். படிச்சதைவிடப் பேசினதுதான் அதிகம்.
பிரெஞ்சில்: தேர்வுக்கு முந்தின இரவு படிப்பதற்காக விடுதியின் கூரைத் தளத்துக்குப் போவோம். நிறைய பேசினோம். கொஞ்சம் படித்தோம்.

4. தமிழ்: இவ போன்ல 'கிளம்பிட்டேன்'னு சொன்னா இன்னும் தலைகூடத் துவட்டலை.
பிரெஞ்சில்: அவள் 'கிளம்பிவிட்டேன்' என்று சொல்லும்போது தலைமுடி இன்னும் ஈரமாக இருக்கிறது.

5. தமிழ்: மாப்பிள்ளை பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிக்கிறவர்.
பிரெஞ்சில்: அவன் எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடுவான்.
(கைக்கடிகாரம்)

6. தமிழ்: ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நல்லா பாத்துக்குங்க.
பிரெஞ்சில்: அப்படியே.

7. தமிழ்: எல்லாரும் எழுந்து கையில இருக்கிறதைத் தூக்குங்க.
பிரெஞ்சில்: அப்படியே. (காத்திருப்பது)

8. தமிழ்: பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!
பிரெஞ்சில்: பதினாறு வகைச் செல்வமும் நிறைந்து நெடுநாள் வாழுங்கள்!
கடைசியில் நான்: வீவ் லே மாரியே!

நேரம் பார்த்தேன். சிரிப்பு இல்லாமல் 2 நிமிடத்துக்குள் முடிகிறது. குறளுக்கு இடம் இருக்கிறது போலிருக்கிறதே.

மேடைமொழி | ஏப்ரல் 14, பகல் 12:20

மூன்றாவது துண்டில் பிரெஞ்சு வரிசையை மாற்றியது சரியான வேலை. "கொஞ்சம் படித்தோம்" கடைசியில் வந்தால்தான் அங்கே வேடிக்கை நிற்கும்.

குறளுக்கு இடம் இருக்கிறது, குறளன்பன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 5க்கும் 6க்கும் நடுவில் வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவள் உங்களுக்குக் கை கொடுத்த ஒரு நிகழ்வு, இரண்டு வாக்கியத்தில், வேண்டும். இப்போது உங்கள் பேச்சில் தாமதமாக வருகிறவள் என்ற ஒரே பக்கம்தான் தெரிகிறது, மாப்பிள்ளை வீட்டார் அவளை முதல் தடவை அறிவதே இந்தப் பேச்சில்தான். குறளையும் முழுசாக, நிறுத்தாமல் தமிழில் சொல்லுங்கள், ஏழு சீரும் ஓசையோடு போகட்டும். பையன் "இரண்டாயிரம் வருடம்" என்றெல்லாம் முன்னுரை சேர்க்காமல் உவமையை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

சீட்டு: தபால் அட்டை அளவில் கெட்டி அட்டை, ஒன்றில் இரண்டு துண்டு, மூலையில் எண். அட்டைகளை நூலால் கோத்துவிடுங்கள், கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. உங்கள் துண்டின் கடைசி வார்த்தையைப் பையனுடைய அட்டையின் தலையில் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள். "துவட்டலை" என்று காதில் விழுந்ததும் அவன் ஆரம்பிப்பான், உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

குறளன்பன் | ஏப்ரல் 14, பகல் 1:00

மகிழ்ச்சி. "உடுக்கை" என்பதில் நிறுத்தாமல் "இழந்தவன் கைபோல" வரை ஒரே மூச்சில் போங்கள்.

லியோன்_வாசி | ஏப்ரல் 15, இரவு 9:50

பேச்சுக்கு வெளியே ஒன்று. நீங்கள் மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் நடக்கும் பதிவுக் கல்யாணத்திலும் சாட்சி என்றால், அங்கே நடப்பது முழுக்கப் பிரெஞ்சில்தான். சாட்சிக்குப் பிரெஞ்சு போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கிற மேரிகள் உண்டு, அதற்கு உறவுக்காரப் பையனை ஏற்பார்களா என்பது அந்தந்த மேரியைப் பொறுத்தது. மணமக்கள் பக்கம் மொத்தம் இரண்டிலிருந்து நாலு சாட்சி வரை சட்டத்தில் இடமுண்டு. தோழியைவிட்டு இப்போதே கேட்கச் சொல்லுங்கள், கல்யாணத்துக்கு முந்தின வாரம் கேட்டால் கஷ்டம்.

வில்லியனூர்க்காரி | ஏப்ரல் 16, காலை 7:05

இது தெரியவே தெரியாது. இன்றைக்கே அவளிடம் சொல்கிறேன். கை கொடுத்த நிகழ்வுக்கு எனக்கு அம்மை போட்டபோது அவள் விடுதியில் வார்டனோடு சண்டை போட்டு என் கூடவே தங்கியதைச் சொல்லலாமா? பிரெஞ்சில் "அம்மை" என்றால் பயந்துவிடுவார்களா?

லாச்சப்பல் | ஏப்ரல் 16, இரவு 8:20

சின்ன அம்மை எண்டா இங்க எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான், ஒருத்தரும் பயப்பிட மாட்டினம். "வரிசெல்" எண்டு சொல்லச் சொல்லுங்கோ. வார்டனோட சண்டை பிடிச்சதைத்தான் கட்டாயம் சொல்ல வேணும்.

ஓசூர்_ராணி | ஏப்ரல் 17, காலை 9:10

என் கேள்விக்குத் திரும்புகிறேன். ஆங்கிலத்தை வாயால், குஜராத்தியைத் தாளில் என்று முடிவு செய்தேன். ஆனால் மாப்பிள்ளையின் தாத்தாவுக்குக் கண் பார்வை குறைவு, தாள் பயன்படாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் காதில் சொல்லச் சொன்னால் மைக் சத்தத்தில் கேட்குமா?

சவுண்ட்_செட் | ஏப்ரல் 17, பகல் 2:30

ஸ்பீக்கர் பக்கத்து மேசை என்றால் கேட்காது. அவர் மேசையை ஸ்பீக்கரின் பின்பக்கமாகப் போடச் சொல்லுங்கள், காதில் சொல்பவர் அவருக்கு நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்காரட்டும்.